'நோ' வந்தால் முன்னே, வராவிட்டால் பின்னே

மத்ரீத் நகரில் ஒரு குளிர்காலம். இருமல் விடாததால் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்லி மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். எக்ஸ்ரே அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஓர் அம்மாவின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "கீதெசே லா காமீசா" என்றார். சட்டையைக் கழற்றுங்கள் என்று பொருள். "போங்கசே ஆகீ", இங்கே வந்து நில்லுங்கள். நின்றேன். "நோ சே முவேவா", அசையாதீர்கள். பிறகு "நோ ரெஸ்பீரே", மூச்சு விடாதீர்கள். இயந்திரம் ஒரு நொடி முனகியது. "ரெஸ்பீரே", விடலாம்.

ஐந்தே கட்டளைகள். சட்டை இல்லாமல் குளிரில் நின்றுகொண்டிருந்தபோதும் என் காது ஒரு சின்னச் சொல்லைத்தான் பின்தொடர்ந்தது. அது 'சே'. முதல் இரண்டு கட்டளைகளில் அது வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வந்தது: கீதெ-சே, போங்க-சே. மூன்றாவதில் வாலை விட்டு, வினைக்கு முன்னால் வந்து தனியாக நின்றது: நோ சே முவேவா. இந்த இடமாற்றம்தான் ஸ்பானிஷ் கற்கும் நம்மவர்களை மாதக்கணக்கில் தடுமாற வைக்கிறது. பல ஆண்டுகளாக இந்த மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் இந்த இடத்தில் வண்டி ஒருமுறை நின்றுதான் போகிறது.

போகும் முன் உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கட்டுரையில் ஸ்பானிஷ் சொற்களில் வரும் 'தி', 'தீ' ஆகியவற்றை 'பந்தி'யில் வரும் 'தி'யைப் போலவும், 'திகாஸ்' என்பதில் வரும் 'கா'வைத் 'தங்கா'வில் வரும் 'கா'வைப் போலவும் படித்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைச் செவி பழகப் பழகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏவலில் நடக்கும் மாற்றங்கள் இரண்டு. ஒன்று, வினைச்சொல்லின் உருவம் மாறுவது. இன்னொன்று, 'எனக்கு', 'அதை', 'உன்னை' போன்ற குட்டிச் சொற்களின் இடம் மாறுவது. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் மாணவர்கள் இரண்டையும் ஒரே விதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் வினையின் உருவம். நண்பனையோ தம்பியையோ 'நீ' என்று அழைக்கும்போது ஸ்பானிஷில் 'தூ' என்பார்கள். 'பேசு' என்பதற்கு 'ஆப்லா', 'சாப்பிடு' என்பதற்கு 'கோமே'. 'அவன் பேசுகிறான்', 'அவன் சாப்பிடுகிறான்' என்பதற்கும் அதே வடிவங்கள்தான். குரலின் தொனி மட்டுமே அதைக் கட்டளை ஆக்குகிறது. ஆனால் 'பேசாதே' என்று சொல்ல 'நோ ஆப்லா' என்றால் போதாது. 'நோ ஆப்லெஸ்' என்று சொல்ல வேண்டும். 'சாப்பிடாதே' என்பது 'நோ கோமாஸ்'. கவனித்தால், 'ஆ' இருந்த இடத்தில் 'எ' வந்தது, 'எ' இருந்த இடத்தில் 'ஆ' வந்தது, கடைசியில் ஒரு 'ஸ்' சேர்ந்தது.

ஒரு மாணவர் சலித்துப்போய்க் கேட்டார்: "சார், அதான் 'நோ' போட்டாச்சே, அப்புறம் வினையையும் ஏன் மாத்தணும்?"

"நம்ம தமிழ்ல 'வா'வுக்கு எதிர்மறை என்ன? 'இல்லை வா'ன்னா சொல்றோம்? 'வராதே'ன்னுதானே சொல்றோம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆமா, 'வா'வும் 'வராதே'வும் வேற வேற மாதிரிதான் இருக்கு" என்றார்.

தமிழ் தன் எதிர்மறை ஏவலுக்குத் தனி உருவம் வைத்திருக்கிறது. ஸ்பானிஷிடம் தனி உருவம் இல்லை. அதனால் வேறொரு வீட்டிலிருந்து கடன் வாங்குகிறது. அந்த வீட்டுக்கு ஸ்பானிஷ் இலக்கணத்தில் 'சுப்ஹுன்திவோ' என்று பெயர். நடந்ததைச் சொல்லாமல், நடக்க வேண்டும் என்று விரும்புவதையும் நடந்துவிடுமோ என்று அஞ்சுவதையும் ஐயுறுவதையும் சொல்லும் வினை வடிவம் அது. நம் இலக்கணத்தில் இதற்கு மிக அருகில் நிற்பது வியங்கோள்: வாழ்க, வருக, செய்யற்க. 'நோ ஆப்லெஸ்' என்பதற்குள் ஒரு 'பேசற்க' இருக்கிறது என்று எண்ணிக்கொண்டால் அந்த வடிவம் ஏன் அங்கே வந்தது என்பது புரிந்துவிடும்.

இந்தப் பழக்கம் லத்தீனிலிருந்து வந்த சொத்து. லத்தீன் உரைநடையில் ஏவல் வினையோடு நேரடியாக 'வேண்டாம்' சேர்க்கும் வழக்கம் கிடையாது. சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள். பிலிப்பைன்ஸின் ஹொசே ரிசால் 1887-இல் பெர்லினில் வெளியிட்ட ஸ்பானிஷ் நாவலின் லத்தீன் தலைப்பு 'நோலி மே தாங்கெரே'. என்னைத் தொடாதே என்று பொருள். ஆனால் 'நோலி' என்ற சொல்லைப் பிரித்தால் 'விரும்பாதே' என்று வரும். 'என்னைத் தொட விரும்பாதே' என்பதுதான் அதன் நேர்ப்பொருள். லத்தீனின் இன்னொரு வழி, விருப்பத்தைச் சொல்லும் வினை வடிவத்தோடு ஒரு மறுப்புச் சொல்லைச் சேர்ப்பது. ஸ்பானிஷ் பிடித்துக்கொண்டது அந்த இரண்டாவது வழியை.

'தூ' ஏவலில் எட்டு வினைகள் மட்டும் குட்டையாக வெட்டுண்டு நிற்கும். சொல் என்பதற்கு 'தி', செய் என்பதற்கு 'ஆஸ்', வா என்பதற்கு 'வென்', போ என்பதற்கு 'வே', வை என்பதற்கு 'போன்', வெளியே போ என்பதற்கு 'சால்', வைத்துக்கொள் அல்லது இந்தா என்பதற்கு 'தென்', இரு என்பதற்கு 'சே'. இவற்றை மனப்பாடம் செய்துவிடுவதைத் தவிர வேறு வழி இல்லை. நல்ல செய்தி என்னவென்றால், எதிர்மறைக்குப் போனதும் இந்தக் குட்டை வடிவங்கள் எதுவும் உடன் வருவதில்லை. 'நான் சொல்கிறேன்' என்பது 'தீகோ'. அதன் கடைசி 'ஓ'வை எடுத்துவிட்டு 'ஆஸ்' போட்டால் 'நோ திகாஸ்', சொல்லாதே. 'நான் வைக்கிறேன்' என்பது 'போங்கோ'. 'நோ போங்காஸ்', வைக்காதே. 'போ', 'இரு' என்ற இரண்டு மட்டும் இந்த வழிக்கு வராமல் 'நோ வாயாஸ்', 'நோ சேயாஸ்' என்று தனியாகப் போகும்.

இனி குட்டிச் சொற்கள். 'மே' என்றால் என்னை அல்லது எனக்கு. 'தே' என்றால் உன்னை அல்லது உனக்கு. 'லோ' என்றால் அதை. 'லே' என்றால் அவருக்கு. எக்ஸ்ரே அறையில் கேட்ட 'சே', 'தங்களை, தங்களுக்கு' என்ற பொருளில் வந்தது. ஸ்பானிஷில் சட்டையைக் கழற்றுவதைக்கூட 'தங்களிடமிருந்து கழற்றுங்கள்' என்றுதான் சொல்வார்கள். இந்தச் சொற்களுக்குச் சொந்தமாக அழுத்தம் இல்லை. தனியாக நிற்க முடியாமல் வினையின் தோளைப் பிடித்துக்கொண்டே நடப்பவை இவை. 'நோ' இல்லாத ஏவலில் வினைக்குப் பின்னால், அதோடு ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்ளும். 'நோ' வந்தால் வினைக்கு முன்னால், தனித்தனிச் சொற்களாக நிற்கும். 'தீமெலோ' என்றால் அதை எனக்குச் சொல். 'நோ மே லோ திகாஸ்' என்றால் அதை எனக்குச் சொல்லாதே. எந்தப் பக்கம் போனாலும் அவற்றுக்குள் இருக்கும் வரிசை மாறாது: 'மே' முன்னால், 'லோ' பின்னால்.

நம்மவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழில் கை நீட்டி 'குடு' என்றால் வேலை முடிந்தது. யாருக்கு, எதை என்பதெல்லாம் எதிரே இருப்பவருக்குத் தெரியும். அதே பழக்கத்தில் ஸ்பானிஷில் 'தா' என்று மட்டும் சொன்னால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். 'தாமெலோ', அதை எனக்குக் கொடு, என்று முழுதாகச் சொல்லியாக வேண்டும். ஆகவே குட்டிச் சொல்லை எங்கே வைப்பது என்பதற்கு முன்னால், அதை விட்டுவிடாமல் இருக்கவே நம் நாக்கு முதலில் பழக வேண்டியிருக்கிறது.

ஒரு வாக்கியத்தை எடுத்து, கட்டி, பிரித்துப் பார்ப்போம். 'அக்காவுக்கு அந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடு' என்பதை 'அவளுக்கு அதை வாங்கிக் கொடு' என்று சுருக்க வேண்டும். 'வாங்கு' என்பது 'கோம்ப்ரா'. புத்தகத்துக்கு 'லோ', அக்காவுக்கு 'லே'. யாருக்கு என்பது முதலில், எதை என்பது அடுத்து வர வேண்டும்; ஆக 'லே லோ'. ஆனால் ஸ்பானிஷ் காது 'லே லோ' என்று இரண்டு 'ல'கரச் சொற்கள் அடுத்தடுத்து வருவதை ஏற்காது. முதல் 'லே' இங்கே 'சே' ஆகிவிடும். பழைய ஸ்பானிஷில் இந்த இணை 'ஜெலோ' என்பதுபோல் ஒலித்தது. ஒலி மெல்ல மாறி, ஏற்கெனவே மொழியில் இருந்த 'சே'யோடு கலந்துபோயிற்று. எனவே இந்த 'சே' எக்ஸ்ரே அறை 'சே' அல்ல. உருவம் ஒன்று, பிறப்பு வேறு. இப்போது எல்லாவற்றையும் ஒட்டினால் 'கோம்ப்ரசெலோ'. நான்கு அசைகள், ஒரே சொல்.

இனி 'வாங்கிக் கொடுக்காதே' என்று மாற்றுவோம். ஒட்டியதைக் கழற்றிவிட வேண்டும். வினையை 'கோம்ப்ரா'விலிருந்து 'கோம்ப்ரெஸ்' ஆக்க வேண்டும். கழற்றிய 'சே லோ'வை அதே வரிசையில் வினைக்கு முன்னால் வைத்து, எல்லாவற்றுக்கும் தலையில் 'நோ' வைக்க வேண்டும்: 'நோ சே லோ கோம்ப்ரெஸ்'. 'நோ'வுக்கும் வினைக்கும் நடுவில் இந்தக் குட்டிச் சொற்களைத் தவிர வேறு எதற்கும் இடம் கிடையாது.

எழுதும்போது ஒரு சிறு வேலை இருக்கிறது. 'கோம்ப்ரா' என்று தனியாகச் சொல்லும்போது அழுத்தம் 'கோம்' மீது விழுகிறது. வாலில் இரண்டு அசைகள் சேர்ந்தாலும் அழுத்தம் 'கோம்' மீதே நிற்க வேண்டும். ஸ்பானிஷ் எழுத்து விதிப்படி, உயிரெழுத்தில் முடியும் சொல்லில் எந்தக் குறியும் இல்லாவிட்டால் கடைசிக்கு முந்தைய அசையைத்தான் அழுத்திப் படிப்பார்கள். குறி போடாமல் விட்டால் 'கோம்ப்ரசெலோ'வில் 'செ' அழுந்திவிடும். அதைத் தடுக்கத்தான் 'கோம்' என்பதில் இருக்கும் 'ஓ' எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு போடுகிறார்கள். 'திமே', எனக்குச் சொல், என்பதில் இரண்டே அசைகள்; அழுத்தம் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது, கோடு வேண்டாம். 'தீமெலோ' என்று மூன்றானதும் கோடு வந்துவிடும். எதிர்மறையில் எல்லாம் பிரிந்து தனித்தனியாக நிற்பதால் இந்தக் கோட்டுக்கு அங்கே வேலையே இல்லை. மாணவர்கள் இந்தக் கோட்டை வெறும் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். வாயால் சொல்லிப் பார்த்து, எந்த அசையில் குரல் எழுகிறது என்று கேட்டுவிட்டு எழுதினால் தவறு வராது.

மரியாதை வடிவத்துக்கு வருவோம். எக்ஸ்ரே அம்மா என்னை 'உஸ்தெத்' என்ற 'நீங்கள்' முறையில் அழைத்தார். அவர் சொன்ன கடைசி இரண்டையும் நினைவுபடுத்திப் பாருங்கள்: 'நோ ரெஸ்பீரே', 'ரெஸ்பீரே'. மூச்சு விடாதீர்கள், விடுங்கள். வினையின் உருவம் இரண்டிலும் ஒன்றே. நண்பனிடம் சொல்லியிருந்தால் 'ரெஸ்பீரா', 'நோ ரெஸ்பீரெஸ்' என்று மாறியிருக்கும். உஸ்தெத் முறையில் ஏன் மாறவில்லை? 'உஸ்தெத்' என்ற சொல்லே 'வுவெஸ்த்ரா மெர்செத்' என்ற பழைய மரியாதைத் தொடர் தேய்ந்து வந்தது. 'தங்கள் கருணை' என்பதுபோல் பொருள். அப்படி அழைக்கப்படுபவரைப் பார்த்து 'செய்' என்று நேராகக் கட்டளையிட முடியாது. 'தங்கள் கருணை அமர்க' என்று வியங்கோளில்தான் சொல்ல முடியும். ஆகவே உஸ்தெத் ஏவல் முதலிலிருந்தே அந்தக் கடன் வீட்டில்தான் குடியிருக்கிறது. 'நோ' வந்தாலும் இடம் மாற வேண்டியதில்லை.

வினை மாறாத இந்த வடிவத்திலும் குட்டிச் சொல் மட்டும் குதித்து இடம் மாறுகிறது. ஸ்பெயினில் தொலைபேசியை எடுத்ததும் பலர் 'தீகமே' என்பார்கள், சொல்லுங்கள் என்று பொருள். வியப்பான செய்தி கேட்டால் 'நோ மே தீகா' என்பார்கள், 'சொல்லாதீங்க, அப்படியா!' என்பதுபோல. 'தீகா' அப்படியே இருக்கிறது. 'மே' மட்டும் பின்னாலிருந்து முன்னால் வந்துவிட்டது. வினை உருவம் மாறுவதும் குட்டிச் சொல் இடம் மாறுவதும் இரண்டு தனி நிகழ்ச்சிகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். வகுப்பில் நான் இப்போதெல்லாம் உஸ்தெத் ஏவலைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன். வினையைப் பற்றிய கவலை இல்லாமல் இடமாற்றத்தை மட்டும் பழகிவிடலாம். தெரியாதவரிடம் பேசும்போது மரியாதையும் தவறாது.

அப்படியானால் இந்தக் குதிப்பு எதற்கு? மொழி வரலாற்றாளர்கள் தரும் விடை எனக்கு மிகவும் பிடித்தது. இடைக்கால ஸ்பானிஷில் இந்த அழுத்தமில்லாச் சொற்கள் வாக்கியத்தின் முதல் சொல்லாக வரக் கூடாது. அவற்றுக்கு முன்னால் ஏதாவது ஒரு சொல் இருந்தாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் தோப்ளர், முசாஃபியா என்ற இரண்டு அறிஞர்கள் இதைக் கண்டு சொன்னார்கள். விதி இன்றும் அவர்கள் பெயரால் வழங்குகிறது. 'அவன் என்னிடம் சொன்னான்' என்று வினையில் தொடங்கினால் அன்று 'தீஹோமே' என்று 'மே' பின்னால் போகும். 'சொல்லவில்லை' என்றால் 'நோ' தலையில் வந்து நின்றுவிடுகிறது. முதல் இடம் நிரம்பியதால் 'மே' தாராளமாக வினைக்கு முன்னால் வரலாம்: 'நோ மே தீஹோ'. காலப்போக்கில் சாதாரண வாக்கியங்களில் இந்தக் கூச்சம் போய்விட்டது. இன்று 'மே தீஹோ' என்று 'மே'யிலேயே வாக்கியத்தைத் தொடங்குகிறார்கள். ஏவல் மட்டும் பழைய வழக்கத்தைக் கைவிடவில்லை. பக்கத்து நாடான போர்ச்சுகலில் சாதாரண வாக்கியங்களிலும் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. 'சொன்னான்' என்றால் குட்டிச் சொல் பின்னால், 'சொல்லவில்லை' என்றால் முன்னால்.

மாணவர்கள் செய்யும் தவறுகளில் முதல் இடம் 'நோ தீமெலோ'வுக்கு. உடன்பாட்டு ஏவலை அப்படியே எடுத்து, தலையில் 'நோ'வை ஒட்டிவிடுவது. கேட்பவருக்குப் புரிந்துவிடும், ஆனால் காதில் கல் பட்டதுபோல் இருக்கும். இரண்டாவது, பாதி மாற்றிவிட்டு நிறுத்துவது: 'நோ திகாஸ்மெலோ'. வினை சரியாக மாறிவிட்டது, வாலைக் கழற்ற மறந்தாயிற்று. பேசும்போது நாமே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 'நோ' என்று வாய் திறந்த உடனேயே அடுத்த சொல்லாக 'மே'யோ 'தே'யோ 'லோ'வோ வந்துவிட வேண்டும். வினை முதலில் வந்துவிட்டால் அங்கேயே நிறுத்தி மறுபடி தொடங்கலாம். 'நோமெலோ', 'நோதெலோ', 'நோசெலோ' என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகியவர்களுக்கு இந்தத் தவறு விரைவில் விலகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஊருக்கு ஊர் சில வேறுபாடுகள் உண்டு. ஸ்பெயினில் நண்பர்கள் பலரைச் சேர்த்து அழைக்க 'வோசோத்ரோஸ்' என்ற 'நீங்கள்' இருக்கிறது. அதன் ஏவலில் வரும் கடைசி 'த்' ஒலி, 'ஓஸ்' என்ற குட்டிச் சொல் ஒட்டும்போது விழுந்துவிடும். 'உட்காருங்கள்' என்பது 'சென்தாத்', ஒட்டியதும் 'சென்தாஓஸ்'. இதற்கு ஒரே விலக்கு 'கிளம்புங்கள்' என்ற 'ஈதோஸ்'. ஆனால் பேச்சில் பெரும்பாலானோர் 'ஈரோஸ்' என்றுதான் சொல்லிவந்தார்கள். இலக்கணக்காரர்கள் நெடுநாள் தலையாட்ட மறுத்தார்கள். 2017-இல் ஸ்பானிஷ் அரச மொழிக் கழகம் 'ஈரோஸ்' வடிவத்தையும் ஏற்றுக்கொண்டது. எதிர்மறையில் இந்தச் சண்டையே கிடையாது. எல்லாரும் 'நோ ஓஸ் வாயாயிஸ்' என்றே சொல்கிறார்கள். அர்ஜென்டினாவில் 'தூ'வுக்குப் பதில் 'வோஸ்' என்பதால் அந்த எட்டுக் குட்டை வடிவங்களில் 'சே' தவிர மற்றவை அங்கே பயன்படுவதில்லை. 'சொல்' என்பது 'தெசீ', 'எனக்குச் சொல்' என்பது 'தெசீமே'. ஆனால் அங்கும் எதிர்மறைக்கு வந்தால் பழைய 'நோ மே லோ திகாஸ்'தான்.

அருங்காட்சியகங்களில் 'நோ தோகார்' என்று பலகை வைத்திருப்பார்கள், தொடாதீர் என்று பொருள். அது ஏவல் வடிவமே அல்ல. 'தொடுதல்' என்ற வினைப்பெயர். அதில் 'அதை' சேர்த்தால் 'நோ தோகார்லோ' என்று 'லோ' பின்னால்தான் ஒட்டும். 'நோ' வந்தும் பின்னால் ஒட்டுகிறதே என்று மாணவர்கள் என்னை மடக்குவார்கள். வினைப்பெயருக்கு 'நோ' ஒரு பொருட்டே இல்லை. அதற்குக் குட்டிச் சொல் எப்போதும் வாலில்தான்.

எக்ஸ்ரே எடுத்து முடிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கதவருகே வந்தேன். அந்த அம்மா முதல்முறையாகத் தடுப்புக்கு வெளியே வந்து, "கே சே மெஹோரே" என்றார். உடம்பு சரியாகட்டும் என்று பொருள். 'நோ' எங்கும் இல்லை, ஆனாலும் 'சே' வினைக்கு முன்னால் நின்றது. ஏனென்றால் தலையில் 'கே' என்ற சொல் வந்து அந்த முதல் இடத்தை நிரப்பிவிட்டது. 'கே'யை எடுத்துவிட்டு அதே வினையைக் கட்டளையாகச் சொல்லியிருந்தால் 'மெஹோரெசே' என்று 'சே' மீண்டும் வாலுக்குப் போயிருக்கும். வெளியே குளிர் குறையவில்லை. இருமிக்கொண்டே பேருந்து நிறுத்தம் வரைக்கும் அந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.